எனக்குச் சுழி தெரியாது சார்: தமிழ் வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் வினாத்தாள் அமைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் ஆசிரியன் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவன். அடுத்தவர் எழுதிய லகர ளகர ழகரங்களை வாழ்நாள் முழுக்கச் சிவப்பு மையால் சுழித்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் பார்வையற்ற மாணவர் ஒருவருக்குத் தேர்வு எழுதித் தரும் உதவியாளராகப் போயிருந்தேன். கேள்வியை நான் வாசிக்க வேண்டும், அவர் சொல்லும் விடையை நான் குறிக்க வேண்டும். வேறு எதுவும் பேசக்கூடாது. இலக்கணப் பகுதி வந்தது. ஒலி வேறுபாடறிந்து பொருத்துக என்ற தலைப்பின் கீழ் மூன்று சொற்கள் இருந்தன: ஒலி, ஒளி, ஒழி. நான் வாசித்தேன்.

"சார், கடைசி ரெண்டும் ஒண்ணாவே இருக்கே?" என்றார்.

இன்னொரு முறை நிறுத்தி வாசித்தேன். வித்தியாசமாகச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. எங்கள் ஊரில் மழை மளையாகவும் கோழி கோளியாகவும் பெய்து கூவிக்கொண்டிருக்கும். மெய்ப்பில் ஒரு ழகரம்கூட என் கண்ணுக்குத் தப்பாது, ஆனால் நாக்கு ஊர் நாக்குதானே. கடைசியில், "மூணாவது சிறப்பு ழ" என்று சொன்னேன். அறைக் கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். எழுத்தின் பெயரைச் சொல்வது வாசிப்பதா, விடைக்கு உதவுவதா என்பது அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

அடுத்த கேள்வியில் பனி, பணி என்று இரண்டு சொற்கள். முந்தைய அனுபவத்தில் உஷாராகி, "முதல்ல வர்றது ரெண்டு சுழி, அடுத்தது மூணு சுழி" என்று நானாகவே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்குச் சுழி தெரியாது சார், நான் புள்ளியில படிச்சவன். ஆனா இது ரெண்டும் நீங்க சொன்னதுலயே நல்லா கேட்டுச்சு."

பிரெய்லில் ன, ண இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளிக் கட்டங்கள் உண்டு. சுழி கிடையாது. நாம் வகுப்பறையில் காலங்காலமாகச் சொல்லிவரும் அடையாளம் கண்ணுக்கு மட்டுமே உரியது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதைவிட முக்கியமான செய்தி அவர் பேச்சின் இரண்டாம் பாதியில் இருந்தது. பனியும் பணியும் காதில் தனித்தனியாக விழுந்தன. ஒளியும் ஒழியும் விழவில்லை. உங்கள் வினாத்தாளில் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ், ஒரே வகைக் கேள்வியாக, ஒரே மதிப்பெண்ணுக்கு வந்திருந்தன.

இங்கிருந்துதான் என் முறையீடு தொடங்குகிறது. மயங்கொலி என்று எட்டு எழுத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறோம். மயக்கம் எல்லாவற்றிலும் ஒரே அளவில் இல்லை. கல்லையும் கள்ளையும் பேச்சில் குழப்புகிறவர் குறைவு. மனம், மணம் என்பதும் அப்படித்தான். இவற்றில் பிழை வந்தால் பெரும்பாலும் கை அவசரம். ழகரத்தின் கதை வேறு. தெற்கே அது ளகரத்தோடு கலந்துவிட்டது. யாழ்ப்பாணப் பேச்சிலும் பெரும்பாலும் அப்படியே. சென்னைப் பேச்சில் யகரத்தின் பக்கம் சாய்ந்து வாயப்பயமாகும். ள, ழ இரண்டும் ஒன்றாகவே காதில் விழும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, எந்தச் சொல்லில் எது என்று ஒவ்வொன்றாக மனத்தில் பதிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு உங்கள் கேள்வி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

அன்றைய தாளில் அலகு, அளகு, அழகு என்றும் ஒரு பொருத்துக இருந்தது. எதிரே பெண் கோழி, வனப்பு, பறவை மூக்கு. அளகு என்ற சொல்லை இன்று யாரும் பேசுவதில்லை. தொல்காப்பிய மரபியலில் கோழிக்கும் கூகைக்கும் உரிய பெண்பாற் பெயராக அது வருகிறது. அழகு எல்லோருக்கும் தெரியும். அலகு பாதிப் பேருக்குத் தெரியும். மிச்சமிருக்கும் ஒன்று தானாகவே பெண் கோழியாகிவிடும். மதிப்பெண் கிடைத்துவிட்டது. ஆனால் இந்தப் பிள்ளை ஒரு ழகரத்தையாவது தேர்ந்தெடுத்ததா? மூன்று எழுத்தையும் நீங்களே சரியாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டீர்கள். அது பொருளை மட்டும்தான் தேடியது. எழுத்துப்பிழையைச் சோதிக்கிறேன் என்று வைத்த கேள்வி, சொற்பொருளை, அதுவும் வழக்கொழிந்த ஒரு சொல்லின் பொருளைச் சோதிக்கிறது. மரபியலை ஊன்றிப் படித்த ஒருவர் இதில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போய் 'மீன் குளம்பு' என்று எழுதலாம்.

மீன் குளம்பு என்றதும் நினைவு வருகிறது. எங்கள் அச்சகத்துக்கு வந்த உணவகப் பட்டியல்களில் நான் அதிகம் திருத்திய சொல் அதுவாகத்தான் இருக்கும். குளம்பு மாட்டுக்கும் குதிரைக்கும் உண்டு, மீனுக்குக் கிடையாது. அதற்கு அடுத்தபடி 'வாளை இலைச் சாப்பாடு'. வாளை ஒரு மீன். இந்த இரண்டும் உயிருள்ள இணைகள்: தவறாக எழுதினால் உண்மையிலேயே வேறொரு பொருள் வந்து உட்கார்ந்துகொள்ளும். குழம்பு–குளம்பு, வாழை–வாளை என்ற இணைகள் கேள்விகளில் என் கண்ணில் பட்டதே இல்லை. கழை, அளகு, மூழை எல்லாம் திரும்பத் திரும்ப வரும். கழை என்றால் மூங்கில். மூழை என்றால் அகப்பை. நான் ஓய்வுபெறும் வரை எந்த மெய்ப்பிலும் அந்தச் சொல்லைச் சந்தித்ததில்லை, கேள்வித்தாள் மெய்ப்பைத் தவிர.

சரி, எழுத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளும் சில இருக்கின்றனவே என்பீர்கள். அவற்றிலும் ஒரு கண்ணி உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெண், இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள், ஏழாம் வகுப்பு. பள்ளித் தேர்வில் 'உ__ந்து வடை' என்று கொடுத்து லு, ளு, ழு மூன்றில் ஒன்றைப் போடச் சொல்லியிருந்தார்கள். அவள் ழு போட்டாள். தவறு என்று அடித்துவிட்டார்கள். அவள் வீட்டில் அம்மாவும் அம்மம்மாவும் எழுதுவது உழுந்துதான். இலங்கையில் கடைப்பலகையிலும் அதுதான். அகநானூற்றின் 86-ஆம் பாட்டு, அந்தக் கல்யாணப் பாட்டு, "உழுந்து தலைப்பெய்த" என்றே தொடங்குகிறது. மலையாளத்திலும் இன்றைக்குவரை ழகரம்தான். தமிழ்நாட்டில் உளுந்து என்று நிலைத்துவிட்டது, அதுவும் சரியே. இரண்டு வடிவமும் அகராதியில் இருக்கும்போது ஒன்றை மட்டும் விடைக்குறிப்பில் வைத்தால், பழைய வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவள்தான் மதிப்பெண்ணை இழக்கிறாள்.

பவளம், பவழம் அப்படிப்பட்ட இன்னொன்று. மதில், மதிள் இன்னொன்று. தாள், தாழ் என்பது கொஞ்சம் நுட்பமானது. "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்" என்று 71-ஆவது குறளில் படித்ததால் கதவை அடைப்பது தாழ், காகிதமும் காலடியும் தாள் என்று பிரித்துக் கேட்கிறீர்கள். நல்ல பிரிவுதான். ஆனால் அகராதியைத் திறந்தால் தாள் என்ற சொல்லுக்கும் தாழ்ப்பாள் என்று ஒரு பொருள் கொடுத்திருக்கும். விடைக்குறிப்பை அச்சுக்கு அனுப்புமுன், நீங்கள் தவறு என்று ஒதுக்கும் வடிவத்தையும் ஒரு தடவை அகராதியில் தேடிப் பாருங்கள். சரியான விடையைத்தான் எல்லோரும் தேடுகிறோம், தவறான விடையைத் தேடிப் பார்ப்பதில்லை. மெய்ப்பில் நான் பட்ட அடியெல்லாம் இந்த இடத்தில்தான்.

அப்புறம், போலி விடைகள். வெல்லம், வெள்ளம், வெழ்ழம் என்று மூன்று கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன தாளையும் பார்த்திருக்கிறேன். தமிழில் ழகர மெய் இரட்டிக்காது. ரகரமும் இரட்டிக்காது. இது தெரிந்த பிள்ளைக்கு மூன்றாவது விடை இல்லாத விடை. தெரியாத பிள்ளைக்கும் அப்படி ஓர் எழுத்துக்கூட்டைக் கண்ணால் பார்த்த நினைவிருக்காது. வன்டி, கன்டம் என்று போடுவதும் இதே வகை. டகரத்துக்கு முன்னால் ணகரம்தான் நிற்கும், றகரத்துக்கு முன்னால் னகரம்தான் நிற்கும்.

இந்த கடைசிச் செய்தியில்தான் நல்ல கேள்விக்கான கருவும் இருக்கிறது. அன்றைக்குத் தேர்வறையில் அந்த மாணவர் சுழி தெரியாது என்றதும், பழைய வாத்தியார் ஒருவர் சொல்லித் தந்த பெயர்கள் எனக்கு ஞாபகம் வந்தன: றன்னகரம், டண்ணகரம். சொன்னதும் பிடித்துக்கொண்டார். இந்தப் பெயர்கள் எழுத்தின் உருவத்தைச் சொல்வதில்லை, அது யாரோடு சேர்ந்து நிற்கும் என்பதைச் சொல்கின்றன. றகரத்தின் பக்கத்தில் நிற்கும் னகரம், டகரத்தின் பக்கத்தில் நிற்கும் ணகரம். பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்தால், லகரமும் ளகரமும்கூட இதே இரண்டு வீடுகளில்தான் குடியிருக்கின்றன.

கொல் என்பது இறந்தகாலத்தில் கொன்றான். கொள் என்பது கொண்டான். வெல், வென்றான். ஆள், ஆண்டான். வில், விற்றான். கேள், கேட்டான். லகரத்தில் முடிந்த வினை னகர றகரத்தின் பக்கம் போகிறது. ளகரத்தில் முடிந்தது ணகர டகரத்தின் பக்கம் போகிறது. பெயர்ச்சொற்கள் வல்லினத்தோடு சேரும்போதும் இதேதான். பல்லுக்குப் பற்பசை, நாளுக்கு நாட்குறிப்பு. பொன்னுக்குப் பொற்குடம், மண்ணுக்கு மட்பாண்டம். ல, ன, ற மூன்றும் ஒரு வீடு. ள, ண, ட மூன்றும் அடுத்த வீடு.

ழகரம் இந்த இரண்டு வீட்டுக்கும் போவதில்லை. வாழ், வாழ்ந்தான். தாழ், தாழ்ந்தது. சூழ், சூழ்ந்தது. கவிழ், கவிழ்ந்தது. எங்கும் ந்த. சேர், சேர்ந்தான் என்று ரகரம் நடப்பது போலவே நடக்கிறது. பெயரோடு பெயர் சேர்ந்தாலும் ஆழ்கடல், ஊழ்வினை என்று உருமாறாமல் நிற்கிறது. தொல்காப்பியர் பிறப்பியலில் லகரத்தையும் ளகரத்தையும் ஒரு நூற்பாவில் வைத்து, ழகரத்தைக் கொண்டுபோய் ரகரத்தோடு சேர்த்தார். நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை என்று அந்த இரண்டையும் சொல்கிறார். மூன்று 'ல' என்று நாம் கூட்டாக அழைப்பதே அவர் கணக்கில் ஒத்துவராது போல.

இதனால் கேள்விக்கு என்ன லாபம்? ழகரத்தை நாக்கில் இழந்துவிட்ட ஊரிலும் இந்த இறந்தகாலம் பிழைக்காமல் இருக்கிறது. எங்கள் ஊரில் 'நல்லா வாள்ந்தான்' என்போம். எழுத்து போய்விட்டது, ஆனால் ந்த போகவில்லை. அது நிஜமாகவே ளகரமாக இருந்திருந்தால், ஆண்டான் மாண்டான் போல வாண்டான் என்று ஆகியிருக்கும். அப்படி யாரும் சொல்வதில்லை. ஆக, வாழ் என்பதில் வருவது ழகரம் என்பதற்கான சான்று, ழகரமே சொல்லத் தெரியாத பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது. கேள்வி அதை வெளியே எடுக்கலாம்.

ஒரு கேள்வியை எழுதிக் காட்டுகிறேன். 'கப்பல் கவி__ந்தது. பந்து உரு__டது. விடுபட்ட மெய்யெழுத்தை நிரப்பி, இரண்டு வினைகளின் வேர்ச்சொல்லையும் எழுதுக.' முதலாவதில் ழ், வேர் கவிழ். இரண்டாவதில் ண், வேர் உருள். இங்கே பிள்ளை நான்கு முடிவு எடுக்கிறது, எதையும் நாம் அச்சிட்டுக் கொடுத்துவிடவில்லை. இன்னும் கொஞ்சம் கடினமாக வேண்டும் என்றால், 'கோட்பாடு, விற்பனை ஆகிய சொற்களைப் பிரித்து முதற்சொல்லின் கடைசி எழுத்து எது என்று கூறுக.' கோள் என்ற ளகரமும் வில் என்ற லகரமும் அதிலிருந்து வெளிவரும். வில் தெரிந்துவிட்டால் விலையில் எந்த லகரம் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நில்லிலிருந்து நிலை, கொல்லிலிருந்து கொலை என்று அது தானே நீளும். உண்ணிலிருந்து வந்த ஊண் மூன்று சுழிதான் என்பதும், அதற்கும் இறைச்சியைக் குறிக்கும் ஊனுக்கும் தொடர்பில்லை என்பதும் உண்டான் என்ற ஒரு சொல்லில் விளங்கிவிடும்.

இந்த வழிக்கு எல்லை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. எழுத்து சொல்லின் கடைசியில் மெய்யாக நிற்கும்போதுதான் இது வேலை செய்யும். நடுவில் உயிரேறி நின்றால் உதவாது. ஒளி, ஒளிந்தான். ஒழி, ஒழிந்தான். இரண்டும் ந்த வாங்கிக்கொண்டன, பார்த்தீர்களா? அன்று நான் தேர்வறையில் மாட்டிக்கொண்ட அதே சொற்கள் இந்த வழியில் அடங்காதவை. கழை, களை, தழை, தளை எல்லாமும் அப்படியே. பழக்கம், கிழமை, முழுவதும் போன்ற சொற்களுக்கு இணையே கிடையாது. பளக்கம் என்று ஒரு சொல் இல்லை என்பதால் அது இணைக் கேள்வியில் வரவே வராது. ஆனால் நான் திருத்தியவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான். இங்கே வாக்கியம் ஒன்றே வழி. 'விளக்கின் ஒ__ கண்ணைக் கூசியது' என்று எழுதி, நிரப்பச் சொல்லுங்கள். 'ஞாயிற்றுக்கி__மை கடை இல்லை' என்று கொடுங்கள். சொற்களைத் தனியாக, பெயர்ப்பலகை போல, வரிசையில் நிறுத்தாதீர்கள். வாக்கியத்துக்குள் வந்தால், வாசித்துக் காட்டுபவரின் நாக்கு எந்த ஊருடையதாக இருந்தாலும் கேட்பவருக்குப் பொருள் போய்ச் சேர்ந்துவிடும், எழுத்தை அவர் தேர்ந்தெடுப்பார்.

வாசித்துக் காட்டப்படும் தாள்களுக்கு இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது. இந்த வகைக் கேள்வியின் கீழ் ஒரு குறிப்பு அச்சிடுங்கள்: விடைகளில் உள்ள எழுத்துகளை அவற்றின் பெயரால் வாசிக்க வேண்டும் என்று. றன்னகரம், டண்ணகரம், சிறப்பு ழகரம், பொது ளகரம் என்ற பெயர்களையும் அந்தக் குறிப்பிலேயே கொடுத்துவிடுங்கள். ஊருக்கு ஊர் உதவியாளர் தனக்குத் தெரிந்த சுழியைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். கண்காணிப்பாளரும் எங்களைச் சந்தேகத்தோடு திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இணைக் கேள்வி கட்டாயம் வேண்டும் என்றால், அது உயிரோடிருக்கும் சொல்லாக இருக்கட்டும். ஒரு கூடை மீன் குளம்பும் வாளை இலையும் தருகிறேன், விலை இல்லை.

போன வாரம் அந்த மாணவரோடு தொலைபேசியில் பேசினேன். ஒரு சோதனை வைத்தேன், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். ழகரம் வரும் இடத்தில் எல்லாம் எங்கள் ஊர் ளகரத்தையே வேண்டுமென்று போட்டு வாசித்தேன்: சூள்ந்தது, மகிள்ந்தாள், புரண்டான், தாள்ந்தது, நீண்டது. ஐந்துக்கும் வேர்ச்சொல் சொன்னார். சூழ், மகிழ், புரள், தாழ், நீள். ஒன்றிலும் தடுமாறவில்லை. பிறகு வாக்கியம் எதுவும் இல்லாமல் 'களை' என்று மட்டும் சொன்னேன்.

"எந்தக் களை சார்? வயல்ல பிடுங்குறதா, மூங்கிலா?" என்றார்.